மொத்த மதிப்பெண் உயர்ந்தது, நான்கு அவசரச் செய்திகள் தவறின: ஒரு மொடல் மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

ஹட்டனில் இயங்கும் ஒரு சிறிய உதவி மையம், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் வரும் முறைப்பாடுகளைப் பெற்று உரிய அலுவலரிடம் சேர்க்கிறது. லயத்துக் கூரை ஒழுகுவது, சம்பளத்தில் பிடித்தம், சேமலாப நிதி வந்து சேராதது, பீலியில் தண்ணீர் நின்றுபோனது, பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை என்று எல்லாம் ஒரே இலக்கத்துக்குத்தான் வரும். அவற்றை வகை பிரிக்கும் வேலையை ஒரு மொழி மொடல் செய்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் அது மூன்று விடயங்களை மட்டும் திருப்பித் தர வேண்டும்: இடம், முறைப்பாட்டின் வகை, அவசரமா இல்லையா.

```json
{"place": "கொட்டகலை", "type": "housing", "urgent": false}
```

இந்த மூன்றில் `urgent` என்பதே கனமானது. அது `true` என்று வந்தால், இரவானாலும் பொறுப்பு அலுவலரின் தொலைபேசி உடனே ஒலிக்கும். `false` என்றால் அந்தச் செய்தி மறுநாள் காலைப் பட்டியலில் சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இரவு இருக்கிறது.

பயன்பாட்டிலிருந்த மொடல் பதிப்பை நிறுத்தப்போவதாக அதை வழங்கும் நிறுவனம் திகதியுடன் அறிவித்தது. பழைய பதிப்புகள் இவ்வாறு விலக்கப்படுவது இத்துறையில் வழமையானதே. மொடலுக்குத் தரும் கட்டளை உரையான ப்ரொம்ப்ட் நீண்ட காலமாகக் குறையின்றி வேலை செய்துகொண்டிருந்ததால், மொடலின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்ற கேள்வி மையத்தில் எழுந்தது. அந்தக் கேள்விக்குச் சோதனைத் தொகுப்பு தந்த விடையையே இவ்வாய்வு விவரிக்கிறது.

தொகுப்பும் அதன் அடிப்படை அளவும்

மாற்றத்துக்குப் பின் விடைகள் கெட்டுவிட்டனவா என்று பார்க்கும் மீள்சோதனைத் தொகுப்பில் 120 செய்திகள் இருந்தன. அனைத்தும் உண்மையில் வந்தவை. பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவை மட்டும் நீக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சரியான விடை எது என்பதை இரண்டு நலன்புரி அலுவலர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் எழுதினர். முரண்பட்ட இடங்களில் மூன்றாமவர் தீர்மானித்தார். வகையும் அவசரமும் இரண்டும் பொருந்தினால் மட்டுமே ஒரு செய்தி சரியெனக் கொள்ளப்பட்டது. இடப்பெயர் தனியாகக் கணக்கிடப்பட்டது.

புதிய பதிப்பைத் தொடுவதற்கு முன்னர், பழைய பதிப்பையே அதே தொகுப்பின் மீது மும்முறை ஓட்டினோம். பலர் இதை வீண் செலவாகக் கருதித் தவிர்ப்பார்கள். ஆனால் விடைத் தெரிவில் தற்செயலின் அளவைக் குறிக்கும் `temperature` மதிப்பைப் பூச்சியமாக வைத்தாலும், ஒரே கேள்விக்கு ஒரே மொடல் எப்போதும் ஒரே விடையைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. சேவையகத்தில் கோரிக்கைகள் ஒன்றாகத் தொகுக்கப்படும் விதமும், அதனால் தசமக் கணக்கின் கூட்டல் வரிசையும் மாறும்போது, நெருக்கமாக நிற்கும் இரண்டு விடைகளில் இன்று ஒன்றும் நாளை மற்றதும் வெல்லக்கூடும். எமது தொகுப்பில் நான்கு செய்திகள் இவ்வாறு பழைய பதிப்பிலேயே தள்ளாடின. அவற்றைக் குறித்து வைத்தோம். பின்னர் புதிய பதிப்பில் ஒரு விடை மாறும்போது, அது பதிப்பு மாறியதன் விளைவா, முன்பே இருந்த தள்ளாட்டமா என்று பிரித்தறிய இந்தக் குறிப்புத்தான் உதவியது.

அடுத்த ஓட்டத்தில் மொடல் பதிப்பு மட்டுமே மாறியது. ப்ரொம்ப்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டையும் ஒருசேர மாற்றினால், எது எதனால் வந்தது என்பதைப் பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

முதலில் தெரிந்த பொய்யான வீழ்ச்சி

முதல் அறிக்கை அச்சமூட்டியது. இடப்பெயரில் மட்டும் 31 புதிய பிழைகள். ஆனால் திரையில் பார்த்தால் எதிர்பார்த்த விடையும் கிடைத்த விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன: இங்கும் கொட்டகலை, அங்கும் கொட்டகலை.

யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகர உயிர்மெய்க்குறி `U+0BCA` என்ற ஒரே குறியீடாகவும் வரலாம். ஒற்றைக்கொம்பு `U+0BC6`, துணைக்கால் `U+0BBE` என்ற இரண்டு குறியீடுகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வேறு. எமது விடைத்தாளிலும் பழைய பதிப்பின் வெளியீட்டிலும் இருந்த வடிவம் வேறு, புதிய பதிப்பு தந்த வடிவம் வேறு. கொட்டகலை, பொகவந்தலாவை, டிக்கோயா என்று ஒகர ஓகாரம் வரும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் இதில் விழுந்தன. ஹட்டனும் மஸ்கெலியாவும் தப்பின. அந்தப் பாகுபாடே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தவுடன் அந்த 31 பிழைகளும் மறைந்தன:

```python
import unicodedata

def same(a, b):
    n = lambda s: unicodedata.normalize("NFC", (s or "").strip())
    return n(a) == n(b)
```

தமிழில் சோதனைத் தொகுப்பு வைத்திருக்கும் எவரும் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. ஒப்பீட்டு நிரலின் குறையை மொடலின் குறையென்று எண்ணி ப்ரொம்ப்டைத் திருத்தப் புகுந்தால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகிவிடும். இதே போன்ற மேலோட்டமான இன்னொரு மாற்றமும் இருந்தது: புதிய பதிப்பு சில வேளைகளில் JSON-ஐ மூன்று பின்சாய்வு மேற்கோள்களுக்குள் அடைத்துத் தந்தது, வாசிக்கும் நிரல் அதில் முறிந்தது. வெளியீட்டு வடிவத்தைக் கட்டாயப்படுத்தும் அமைப்பைச் சேவையிலேயே இயக்கியதும் அது தீர்ந்தது.

உயர்ந்த மதிப்பெண்ணின் உள்ளே

இவற்றைக் களைந்த பின் கிடைத்த கணக்கு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. பழைய பதிப்பு 120-இல் 106 சரி. புதியது 108 சரி. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அன்றே மாற்றியிருக்கலாம்.

ஆனால் மீள்சோதனையில் பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல, ஒவ்வொரு செய்தியும் எந்தப் பக்கம் புரண்டது என்பதையே. இரண்டு பதிப்பும் சரியாகச் சொன்னவை 99. இரண்டும் தவறியவை 5. பழையது தவறிப் புதியது சரியாகச் சொன்னவை 9. பழையது சரியாகச் சொல்லிப் புதியது தவறியவை 7. இரண்டு மதிப்பெண் ஏற்றம் என்பது உண்மையில் ஒன்பது ஏறி ஏழு இறங்கியதன் மிச்சம். அந்த ஏழையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தோம்.

இரண்டில் விடைத்தாளே ஐயத்துக்குரியதாகத் தோன்றியது. மொடலின் விடையைப் பார்த்த பின்னர் விடைத்தாளைத் திருத்துவது ஆபத்தான பழக்கம். புதியது சொன்னதெல்லாம் நியாயமாகத் தோன்றத் தொடங்கிவிடும். ஆகையால் அந்த இரண்டையும், ஏற்கெனவே சரியெனக் கொள்ளப்பட்ட வேறு பத்துச் செய்திகளுடன் கலந்து, எந்த மொடலின் விடையையும் காட்டாமல் அலுவலர்களிடம் மீண்டும் கொடுத்தோம். இரண்டிலும் அவர்கள் விடையை மாற்றினர். மற்றப் பத்திலும் பழைய விடையே வந்தது. எனவே உண்மையான இறக்கம் ஐந்து.

ஐந்தில் ஒன்று சம்பளம் பற்றியது. “மூணு பேருக்கும் நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க. கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்பிட்டுக் கிலோ கேட்டா எப்படி?” என்ற செய்தியைப் புதிய பதிப்பு ஆவணங்கள் வகையில் சேர்த்திருந்தது, பெயரைப் பாதியாகப் பதிந்துவிட்டார்கள் என்று அது விளங்கிக்கொண்டது போலும். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரைநாள் சம்பளம் போடுவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். ப்ரொம்ப்டில் ஒரு வரிச் சொற்குறிப்புச் சேர்த்ததும் அது சரியானது.

எஞ்சிய நான்கும் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. நான்கும் அவசரம் என்று குறிக்கப்பட வேண்டியவை. நான்கையும் புதிய பதிப்பு சாதாரண வீட்டுத் திருத்தமாக எடுத்திருந்தது. மும்முறை ஓட்டியும் மூன்றிலும் அதே விடை வந்ததால் இது தள்ளாட்டமன்று. தொகுப்பில் அவசரச் செய்திகள் மொத்தம் 11 மட்டுமே இருந்தன. அதாவது மொத்த மதிப்பெண் உயர்ந்த அதே ஓட்டத்தில், மிக முக்கியமான பிரிவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்திருந்தது.

ஒரு செய்தியை அருகில் வைத்துப் பார்த்தால்

அந்த நான்கில் ஒன்று இது: “மேட்டு லயத்துக்குப் பின்னால மண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கு. ரெண்டு நாளா கதவு சாத்த முடியல்ல. தகரமும் மாத்தணும். யார்கிட்ட சொல்றது?”

எழுதியவர் பயந்து எழுதவில்லை. அவரைப் பொறுத்தவரை இது கதவும் தகரமும் பற்றிய முறைப்பாடு. ஆனால் மலைச்சரிவில் வாழ்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் மண்சரிவு முன்னறிகுறிகளில், நிலத்தில் வெடிப்பு, சுவரில் புதிய பிளவு, மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல் ஆகியவற்றோடு, கதவும் யன்னலும் திடீரென இறுகிப்போவதும் ஒன்று. அத்திவாரம் நகரும்போது சட்டம் கோணலாகிறது. அதனால்தான் கதவு சாத்துப்படாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதற்குப் பின்னர், இப்படியான ஒரு வரியை மறுநாள் பட்டியலில் விட்டுவைக்க மலையகத்தில் யாரும் துணியமாட்டார்கள்.

பழைய பதிப்பு இதை அவசரம் என்றது. புதியது இல்லை என்றது. புதியது மந்தமாகிவிட்டதா என்றால், ப்ரொம்ப்டை மீண்டும் வாசிக்கும்போது அப்படிச் சொல்ல இயலவில்லை. அதில் இருந்தது இது:

```
urgent: உயிருக்கு ஆபத்து என்று செய்தியில்
சொல்லப்பட்டிருந்தால் மட்டும் true.
செய்தியில் இல்லாததை ஊகிக்க வேண்டாம்.
```

கதவு பற்றிய செய்தியில் உயிருக்கு ஆபத்து என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஊகிக்க வேண்டாம் என்றும் கட்டளை இருக்கிறது. எழுதியபடி பார்த்தால் `false` என்பதே சரியான விடை. பழைய பதிப்பு கட்டளையைத் தளர்வாக எடுத்துக்கொண்டு, மண் இறங்கியதையும் கதவு இறுகியதையும் தானாகச் சேர்த்துப் பார்த்தது. எமக்கு வேண்டியதும் அதுவே என்பதால் எவருக்கும் குறை தெரியவில்லை. புதிய பதிப்பு சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஊகிக்க வேண்டாம் என்ற கடைசி வரி முதலில் ஏன் சேர்க்கப்பட்டது என்று கோப்பின் வரலாற்றைப் பார்த்தால், அது அவசரம் பற்றியதே அல்ல. செய்தியில் குறிப்பிடப்படாத ஊர்ப்பெயர்களைப் பழைய பதிப்பு இட்டு நிரப்பியதைத் தடுக்கச் சேர்க்கப்பட்டது. தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருந்த அந்த வரியின் முழுப் பலத்தையும் புதிய பதிப்புத்தான் முதன்முதலாக வெளிப்படுத்தியது.

காரணம் இதுதானா என்பதையும் சோதிக்க வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கி ஓட்டியபோது நான்கில் இரண்டு மீண்டன. ‘மட்டும்’ என்ற சொல்லையும் எடுத்தபோது மூன்றாவது மீண்டது. நான்காவது மீளவில்லை. எனவே தடையை நீக்கினால் மட்டும் போதாது, வேண்டியதை எழுதியே ஆக வேண்டும் என்பது உறுதியாயிற்று.

திருத்தமும் அதன் மறுபக்கமும்

முதல் திருத்தத்தில் மண்சரிவு முன்னறிகுறிகளைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்று இருந்தாலும் அவசரம் என்று எழுதினோம். நான்கும் மீண்டன. ஆனால் அதே ஓட்டத்தில், இதுவரை சரியாக இருந்த இரண்டு செய்திகள் எதிர்ப்பக்கம் புரண்டன. அவற்றில் ஒன்று: “கதவு மரம் உளுத்துப்போச்சி, சாத்த முடியல்ல. தொரகிட்ட சொல்லியும் மாத்தித் தரல்ல.” இதற்காக நள்ளிரவில் அலுவலரை எழுப்பத் தேவையில்லை.

ஒரு வீண் எச்சரிக்கையின் விலை ஒரு தொலைபேசி அழைப்பு; தவறவிட்ட ஒன்றின் விலை அதுவன்று. ஆகவே வீண் எச்சரிக்கைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வாதம் நியாயமானது. ஆனால் பழைய லயங்களில் சாத்துப்படாத கதவுகள் எண்ணிலடங்காதவை. ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தால், மழை கனக்கும் வாரத்தில் பொறுப்பு அலுவலர் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார். என் கணிப்பில் அதுவே பெரிய ஆபத்து. ஆகையால் நிலத்தில் தெரியும் அறிகுறிகளையும் கட்டடத்தில் தெரியும் அறிகுறிகளையும் பிரித்தோம்:

```
urgent:
- மண் இறங்குதல், நில வெடிப்பு, மரம் அல்லது கம்பம்
  சாய்தல்: ஒன்று இருந்தாலும் true.
- சுவர் வெடிப்பு, கதவு அல்லது யன்னல் இறுகுதல்:
  அண்மையில் தொடங்கியிருந்தால், அல்லது மழை, மேடு,
  சரிவு பற்றிய குறிப்பும் இருந்தால் true.
- எழுதியவர் ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.
place: செய்தியில் இல்லாத ஊரை இட வேண்டாம்.
```

ஊகத் தடை தனக்குரிய இடமான `place`-க்குக் கீழே போய்ச் சேர்ந்தது. வேறு ஆபத்துகளுக்கான வரிகள் இதில் காட்டப்படவில்லை. இந்த வடிவில் 11 அவசரச் செய்திகளும் சரியாயின. எதிர்ப்பக்கம் புரண்ட இரண்டில் ஒன்று திரும்பியது, மற்றதை அலுவலர்களின் ஒப்புதலுடன் அப்படியே விட்டோம்.

திருத்திய ப்ரொம்ப்டைப் பழைய பதிப்பின் மீதும் ஒருமுறை ஓட்டினோம். புதிய பதிப்பில் எதிர்பாராத சிக்கல் வந்து சில நாட்களுக்குப் பின்வாங்க நேர்ந்தால், எந்த ப்ரொம்ப்டுடன் பின்வாங்குவது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அங்கும் அது பழைய ப்ரொம்ப்டை விடக் குறைவாகச் செய்யவில்லை.

ஒதுக்கி வைத்த செய்திகள்

11-க்கு 11 என்ற கணக்கை நம்பக் கூடாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் விதியே எழுதப்பட்டது. கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு எழுதிய பரீட்சை அது. இரண்டாவது, பார்க்காமல் எழுதியிருந்தாலும் 11 மிகச் சிறிய எண். அதில் ஒன்றும் தவறவில்லை என்பதிலிருந்து, உண்மையான தவறுதல் வீதம் நூற்றுக்கு 24 வரை இருக்கக்கூடும் என்பதை 95 சதவீத நம்பிக்கை அளவில் மறுக்க இயலாது.

தொகுப்பில் அவசரச் செய்திகள் இவ்வளவு குறைவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. ஹட்டன் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கனத்துப் பெய்யும். தொகுப்புச் சேகரிக்கப்பட்டதோ பெரும்பாலும் வறண்ட மாதங்களில். எனவே தண்ணீர் முறைப்பாடுகள் ஏராளமாகவும் சரிவு பற்றியவை சிலவாகவும் அமைந்தன. இதை நிரப்ப, மையத்தின் கையெழுத்து முறைப்பாட்டேட்டில் முந்தைய மழைக்காலத்துப் பக்கங்களிலிருந்து 40 பதிவுகளைத் தட்டச்சு செய்தோம். அவற்றில் 15 அவசரமானவை. ப்ரொம்ப்டை எழுதியவர் இவற்றைப் பார்க்கவில்லை.

15-இல் 14 சரியாக வந்தன. தவறியது, ஊற்றுத் தண்ணீர் இரண்டு நாளாகச் சேறாக வருகிறது என்ற பதிவு. அது தண்ணீர் வகைக்குப் போயிருந்தது. தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குவதும் மண்சரிவின் அறிகுறியே. பழைய பதிப்பும் பழைய ப்ரொம்ப்டும் சேர்ந்து இதே பதிவைத் தவறவிட்டன. ஆகவே இது பதிப்பு மாற்றத்தால் வந்த பின்னடைவு அன்று, முன்பே இருந்த ஓட்டை. அதை முதல் விதியில் சேர்த்தோம். சேர்த்த கணமே அந்தப் பதிவு ஒதுக்கி வைத்ததாக இருக்கும் தகுதியை இழந்தது. அதைப் பிரதான தொகுப்புக்கு மாற்றினோம்.

மாற்றிய விதம்

பழைய பதிப்பு நிறுத்தப்படும் திகதிக்கு முன் எஞ்சியிருந்த காலத்தில், வரும் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு பதிப்புக்கும் அனுப்பினோம். அலுவலர்களுக்குப் போனது பழையதன் விடை. இரண்டும் முரண்பட்டவை மட்டும் தனிப் பட்டியலாக மாலையில் வாசிக்கப்பட்டன. இதனால் எல்லாச் செய்திகளையும் கையால் சரிபார்க்கும் சுமை இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து தவறுபவற்றை இம்முறை காட்டாது. சேற்றுத் தண்ணீர்ப் பதிவு அத்தகையதே. முரண்பட்ட பட்டியலில் பழையது சரி, புதியது தவறு என்ற வகையில் அவசரச் செய்தி எதுவும் சேராத நிலையில் புதிய பதிப்பு நேரடிப் பயன்பாட்டுக்கு வந்தது.

அமைப்புக் கோப்பில் மொடலின் பொதுப்பெயரை விடுத்து, திகதியுடன் கூடிய முழுப் பதிப்புப்பெயரையே எழுதினோம். பொதுப்பெயர் எந்தப் பதிப்பைச் சுட்டுகிறது என்பதை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம். அப்படி மாறினால் இங்கு விவரித்த நான்கு செய்திகளைப் போன்றவை எந்த ஓட்டமும் நடைபெறாமலேயே புரண்டுவிடும். பழைய பதிப்பு 160 செய்திகளுக்கும் தந்த விடைகளை, அப்போதிருந்த ப்ரொம்ப்டுடனும் ஓட்டிய திகதியுடனும் சேர்த்து மூலவடிவிலேயே சேமித்து வைத்தோம். அந்தப் பதிப்பு இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது. அடுத்த மாற்றத்தின்போது ஒரு விடை எப்போது புரண்டது என்று தேட நேர்ந்தால், அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லை, அந்தக் கோப்பில் உள்ளதுதான் மிச்சம்.